உடம்படுமெய்: மாரியம்மனுக்கு நடுவில் வந்த ‘ய்’

மொரீசியஸில் தமிழ் படிக்கும் பிள்ளைகள் வீட்டில் கிரியோலும் பள்ளியில் பிரெஞ்சும் பேசி வளர்கிறவர்கள். இரண்டு உயிரொலிகள் சந்திக்கும் இடத்தில் நடுவில் வந்து சேரும் மெய்தான் உடம்படுமெய். அதைச் சொன்னதும் அவர்களில் பலருக்குப் பிரெஞ்சு இலக்கணத்தின் ‘லியேசோன்’ தான் நினைவுக்கு வரும். இரண்டும் ஒன்றல்ல. நண்பர்களைக் குறிக்கும் ‘லெ’, ‘அமி’ என்ற இரு சொற்களைச் சேர்த்து ‘லெஸாமி’ என்னும்போது வரும் ஒலி புதிதாக வந்ததில்லை. எழுத்தில் முன்பே இருந்து ஒலிக்காமல் கிடந்தது, உயிரைக் கண்டதும் ஒலிக்கிறது. உடம்படுமெய்க்கு நெருக்கமான பிரெஞ்சு வழக்கு ‘ஆ-தில்’ என்ற கேள்வி வடிவம். அங்கே ‘ஆ’, ‘இல்’ இரண்டிலும் இல்லாத ஒரு ‘த்’ நடுவில் வந்து நிற்கிறது. தமிழில் இந்த வேலையை ய், வ் இரண்டும் செய்கின்றன.

உடம்படுமெய் என்ற சொல்லில் உள்ளது ‘உடம்பு’ அல்ல. உடன்படு என்பதில் உள்ள ‘ன்’, அடுத்து வரும் ‘ப’வுக்கு இசைந்து ‘ம்’ ஆனதால் வந்த வடிவம் உடம்படு. மனம் ஒத்துப்போகாதவர்களைத் திருக்குறள் ‘உடம்பாடு இலாதவர்’ என்கிறது, அதே சொல்தான். சேர்ந்து நிற்க மறுக்கும் இரண்டு உயிர்களை உடன்படுத்தும் மெய் என்று பொருள்.

எந்த மெய் வரும் என்பது முதல் சொல்லின் கடைசி ஒலியைப் பொறுத்தது. பவணந்தியாரின் நன்னூல் அதை ஒரே நூற்பாவில் முடிக்கிறது: இ, ஈ, ஐ முடிவில் இருந்தால் ய், மற்ற உயிர்களுக்கு வ், ஏ முடிவில் இருந்தால் இரண்டும் வரலாம். காவடி + ஐ = காவடியை. தீ + இல் = தீயில். விழா + இல் = விழாவில்.

எழுத்தை அல்ல, ஒலியைப் பார்க்க வேண்டும். நாட்டின் தலைநகரைப் பிரெஞ்சு முறைப்படி ‘போர் லூயி’ என்று எழுதினால் ‘போர் லூயியில்’ என்று வரும். ஆங்கில முறைப்படி ‘போர்ட் லூயிஸ்’ என்றால் கடைசியில் மெய் இருப்பதால் உடம்படுமெய்க்கு வேலையே இல்லை. ‘போர்ட் லூயிஸில்’ என்று நேராகச் சேர்ந்துவிடும்.

இங்கே அதிகம் நடக்கும் பிழை, ரோமன் எழுத்தில் பழகிய பெயரைத் தமிழுக்குத் திருப்பும்போது வருவது. ரோமன் எழுத்தில் மாரியம்மனின் ‘ய்’ பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. ‘இ’க்குப் பின் ‘அ’ வந்தால் வாய் தானாகவே அதை ஒலித்துவிடும். அதை அப்படியே பெயர்த்தால் ‘மாரிஅம்மன்’ ஆகிவிடுகிறது. பிழையைக் கண்டுபிடிப்பது எளிது. ஒரு சொல்லின் நடுவில் அ, ஆ, இ போன்ற தனி உயிரெழுத்து நின்றால், அந்த மூட்டில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. செய்யுளில் வரும் அளபெடைக்கு மட்டும் இது பொருந்தாது. ‘காவடி எடுப்போர்’ என்று இடம்விட்டு எழுதினால் பிழையில்லை. உடம்படுமெய் பெறுவதைத் தொல்காப்பியமும் ‘வரையார்’, அதாவது விலக்கமாட்டார்கள், என்றுதான் சொல்கிறது, கட்டாயப்படுத்தவில்லை. ஆனால் சேர்த்து எழுதினால் ‘காவடியெடுப்போர்’ என்றுதான் எழுத வேண்டும்.

விட்டுப்போன இடத்தில் மெய்யை நிரப்பலாம் என்றால், எல்லா விட்டுப்போன இடமும் உடம்படுமெய்க்கு உரியதல்ல. ‘சிவஆலயம்’ என்பதைத் திருத்தினால் ‘சிவவாலயம்’ வராது, சிவாலயம். இரண்டும் வடசொற்கள், அவை வடமொழிப் புணர்ச்சிப்படி அ, ஆ சேர்ந்து ஒரே ஆ ஆகிவிட்டன.

உகரம்தான் பிள்ளைகளை அதிகம் தடுமாற வைக்கிறது. ‘மற்ற உயிர்களுக்கு வ்’ என்பதை மட்டும் மனப்பாடம் செய்தவர், திரு + அடி = திருவடி என்று சரியாக எழுதிவிட்டு, அதே வேகத்தில் விளக்கு + ஏற்றினார் என்பதை ‘விளக்குவேற்றினார்’ என்று எழுதுவார். விளக்கேற்றினார் என்பதே சரி. திரு, தெரு, பசு போன்ற சொற்களில் ஒரே ஒரு குறிலுக்குப் பின் உகரம் வருகிறது. அது முழுதாக ஒலிக்கும் முற்றியலுகரம், அதனால் வ் வேண்டும். விளக்கு, காசு போன்றவற்றில் வருவது குறைந்து ஒலிக்கும் குற்றியலுகரம். உயிர் வந்ததும் அந்த உகரம் ஓடிவிடும், மிஞ்சிய மெய்யின் மேல் புது உயிர் ஏறிக்கொள்ளும். அது + இல்லை = அதில்லை, கதவு + ஐ = கதவை என்று முற்றியலுகரமும் சில இடங்களில் ஓடுவதுண்டு. இவற்றைப் பழக்கத்தில்தான் பிடிக்க வேண்டும்.

அப்புறம், கோவிலா கோயிலா? மொரீசியஸில் பேச்சிலும் பெயர்ப்பலகையிலும் வழங்குவது கோவில். கோ என்பது ஓகாரத்தில் முடிவதால் நூற்பாப்படி வரவேண்டியதும் வ்தான். ஆனால் ‘திருக்கோயில்’ தேவாரத்திலேயே இருக்கிறது. விதிக்கு வெளியே நின்று, பழைய ஆட்சியால் நிலைத்த வடிவம் அது. தமிழ்நாட்டிலிருந்து வரும் பாடநூலைப் பார்த்து ஒரு மாணவர் கோயில் என்று எழுதினால் சிவப்பு மையால் அடிக்கக் கூடாது. ஒரே கட்டுரையில் இரண்டையும் கலந்து எழுதியிருந்தால் மட்டும், ஏதாவது ஒன்றை வைத்துக்கொள்ளச் சொல்லலாம்.