மின்னிருப்பு: 'மின்னழுத்த விழுக்காடு' என்று எழுதுவதை எப்போது நிறுத்துவார்கள்?

'பேட்டரி பெர்சன்டேஜ்' என்பதை 'மின்னழுத்த விழுக்காடு' என்று எழுதிய பயிற்சிக் குறிப்பு மூன்றாவது முறையாக என் கைக்கு வந்திருக்கிறது. முதல் முறை சிரித்தேன். இரண்டாம் முறை திருத்தி அனுப்பினேன். இந்த முறை அதைப் படித்துச் செய்த கருவி ஒன்று எங்கள் தோட்டத்தில் அணைந்து கிடந்தது.

செய்தது என் அண்ணன் மகன். மண்ணின் ஈரத்தை அளந்து வைஃபையில் அனுப்பும் சின்னப் பெட்டி. உள்ளே வைஃபை சில்லு வைத்த ஈ.எஸ்.பி.32 பலகை, 2500 மில்லி ஆம்பியர்-மணி லித்தியம் செல் ஒன்று. "பதினாறு நாள் ஓடி 61 காட்டுச்சு சித்தப்பா. 39 குறைய பதினாறு நாள்னா, மிச்சம் 61க்கு இன்னும் 25 நாள் வரும்னு கணக்குப் போட்டேன். நாலே நாள்ல செத்துடுச்சு" என்றான். கணக்கில் பிழையில்லை. அந்த 61 எதன் விழுக்காடு என்பதில்தான் பிழை.

அவன் எழுதியிருந்தது இது:

```
int mv = analogReadMilliVolts(34) * 2;
int pct = map(mv, 3000, 4200, 0, 100);
```

முதல் வரி சரி. முழுதாக ஏறிய லித்தியம் செல் 4.2 வோல்ட் காட்டும். இந்தச் சில்லில் மின்னழுத்தத்தை எண்ணாக்கும் ஏ.டி.சி.யோ 2.45 வோல்ட்டுக்கு மேல் நம்பும்படி அளக்காது. அதனால் 100 கிலோ ஓம் மின்தடை இரண்டைத் தொடராகப் போட்டு நடுவிலிருந்து கம்பி எடுத்திருக்கிறான். 4.2 அங்கே 2.1 ஆகிவிடும், நிரலில் இரண்டால் பெருக்கினால் பழைய அளவு திரும்பும். இந்தச் சுற்றை 'மின்னழுத்தப் பிரிப்பான்' என்கிறார்கள். பாலிலிருந்து வெண்ணெயைப் பிரிக்கலாம். இங்கே எதுவும் தனியாகப் பிரிந்து போகவில்லை. இருக்கும் அழுத்தத்தை இரண்டு தடைகளும் தத்தம் அளவுக்கேற்பப் பங்கிட்டுக்கொள்கின்றன. எனக்கு 'மின்னழுத்தப் பங்கீடு' போதும். இதற்காக நான் யாரோடும் சண்டைக்குப் போவதில்லை, சுற்று எப்படியும் வேலை செய்யும்.

சண்டை இரண்டாவது வரியோடு. 3.0 வோல்ட் என்றால் 0, 4.2 என்றால் 100, இடையில் நேர்கோடு. 'மின்னழுத்த விழுக்காடு' என்ற சொல்லைக் கேட்டவன் வேறு எப்படி எழுதுவான்? சொல்லே அந்தச் சூத்திரத்தைச் சொல்லிக்கொடுத்துவிட்டது.

லித்தியம் செல் நேர்கோட்டில் இறங்காது. நீர் நிறைந்த குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கழுத்தில் சிறிது மொண்டாலே மட்டம் சட்டென்று இறங்கும். அகன்ற வயிற்றுப் பகுதியில் எவ்வளவு மொண்டாலும் மட்டம் அசைவதே தெரியாது. அடியில் மறுபடி சரசரவென்று இறங்கும். மின்னழுத்தம் என்பது மட்டம். நமக்கு வேண்டியது குடத்தில் மிச்சம் எத்தனை செம்பு என்பது. சுமையில்லாமல் ஓய்ந்திருக்கும் சாதாரண லித்தியம்-அயனி செல் 3.98 வோல்ட்டில் சுமார் 80 விழுக்காடு வைத்திருக்கும், 3.82இல் பாதி, 3.74இல் 20தான். அவனுடைய நேர்கோட்டில் 3.74ஐப் போட்டால் வருவது 61. பதினாறு நாளில் செல்லின் ஐந்தில் நான்கு பங்கு தீர்ந்திருந்தது. மிச்சம் 500 மில்லி ஆம்பியர்-மணி. நாள் ஒன்றுக்கு 125 என்றால் நான்கு நாள். செல் ஒழுங்காகத்தான் நடந்துகொண்டது.

சரி, அப்படியானால் சொல் எது? 'சார்ஜ்' என்ற சொல் லத்தீன் மொழியில் வண்டியைக் குறிக்கும் வேரிலிருந்து வந்தது. வண்டியில் சுமை ஏற்றுவதுதான் அதன் பழம்பொருள். இலங்கைப் பாடநூல்கள் 'ஏற்றம்' என்கின்றன, வேருக்கே நெருக்கம். தமிழ்நாட்டுப் பாடநூல்களில் 'மின்னூட்டம்'. இதை வைத்துக்கொண்டு 'ஸ்டேட் ஆஃப் சார்ஜ்' என்பதை 'மின்னூட்ட நிலை' என்று மொழிபெயர்ப்பவர்கள்தான் என் அடுத்த எதிரிகள். மின்னழுத்த விழுக்காட்டுக்காரர்களாவது தெரியாமல் எழுதுகிறார்கள். இவர்கள் ஆங்கிலச் சொல்லுக்கு ஒரு சொல், அடுத்ததற்கு ஒரு சொல் என்று அடுக்கிவிட்டுச் செம்மையாக எழுதியதாக நினைக்கிறார்கள். பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு மின்னூட்டம் என்றால் கூலும் கணக்கில் வரும் நேர், எதிர் சமாச்சாரம். செல்லுக்குள் அப்படி எதுவும் குவிவதில்லை. ஒரு முனைக்குள் எவ்வளவு போகிறதோ அவ்வளவு மறுமுனையில் வெளியே வருகிறது, செல் மொத்தத்தில் நடுநிலைதான். உள்ளே மாறுவது லித்தியம் அயனிகள் இருக்கும் இடம். 'நிலை' இன்னொரு தொல்லை. 'மின்னூட்ட நிலை: 61' என்று படிப்பவருக்கு அது சார்ஜ் ஏறிக்கொண்டிருப்பதைச் சொல்கிறதா, மிச்சத்தைச் சொல்கிறதா என்று தெரியாது.

தெருவில் யாரையாவது கேட்டுப் பாருங்கள். "போன்ல சார்ஜ் எவ்வளவு இருக்கு?" என்பார்கள். சார்ஜ் என்பதைத் தமிழாக்க அலைகிறவர்கள் பக்கத்திலேயே நிற்கும் 'இருக்கு' என்பதைக் கவனிப்பதில்லை. கேள்வி இருப்பைப் பற்றியது. கடைக்காரர் சரக்கிருப்பு எழுதுகிறார், வங்கிப் புத்தகத்தில் இருப்புத்தொகை அச்சாகிறது. அதேபோல் மின்னிருப்பு. கொள்ளளவு 2500, இருப்பு 20 விழுக்காடு என்றால் விளக்கமே வேண்டாம். செல் கிழடானால் கொள்ளளவு 2000 ஆகிவிடும், அப்போது அதே 20 விழுக்காடு இருப்பு 400தான். இரண்டையும் தனித்தனிச் சொல்லால் சொன்னால்தான் இது புரியும்.

இருப்பு என்று சொல்லிப் பழகியவனுக்கு அடுத்த கேள்வி தானாக வரும்: மட்டத்தைப் பார்த்து இருப்பை எப்படி அறிவது? அட்டவணை வைத்துத்தான். மின்னழுத்தமும் இருப்பும் கொண்ட பத்துப் பன்னிரண்டு சோடிகள், இரண்டு சோடிகளுக்கு நடுவில் மட்டும் சின்ன நேர்கோடு. அவனுக்கு அப்படித்தான் மாற்றிக் கொடுத்தேன். ஆனாலும் மறுநாள் எண் 45க்கும் 25க்கும் இடையில் குதித்தது. வைஃபை ஓடும்போது அளந்திருக்கிறான். அந்த நொடியில் 300 மில்லி ஆம்பியர் இழுத்தால் செல், கம்பி எல்லாம் சேர்ந்த தடையில் 0.05 வோல்ட் போய்விடும். குடத்தின் வயிற்றுப் பகுதியில் அந்த 0.05 வோல்ட்டே 20 விழுக்காட்டுக்குச் சமம். வைஃபையைத் தொடங்கும் முன்பே அளக்கச் சொன்னேன், குதிப்பு நின்றது. சார்ஜ் ஏறும்போது இதற்கு நேர்மாறு: மட்டம் உயர்ந்து நிற்கும், இருப்பு அதற்குள் வந்திருக்காது.

பங்கீட்டிலும் ஒரு வேலை பாக்கியிருந்தது. பெரிய தடைகளின் நடுப்புள்ளி ஏ.டி.சி.க்குள் இருக்கும் சிறு கெப்பாசிட்டரை வேகமாக நிரப்பாது, எண் தாழ்ந்து வரும். ஏ.டி.சி.யின் காலுக்கும் சுற்றின் தரைக்கும் இடையே 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தோம். பிறகு மல்டிமீட்டர் 4.08 சொன்னபோது பலகை 4.02 சொன்னது. பெருக்கும் எண்ணை 2இலிருந்து 2.03 ஆக்கினான். தடைகளை 10 கிலோவாகக் குறைத்தால் என்ன என்று கேட்டான். இப்போது அவை சும்மா குடிப்பது 21 மைக்ரோ ஆம்பியர், நாளுக்கு அரை மில்லி ஆம்பியர்-மணி. குறைத்தால் அது பத்து மடங்கு, நாளுக்கு ஐந்து. வேண்டாம் என்று விட்டுவிட்டோம்.

அடுத்து லித்தியம் இரும்பு பாஸ்பேட் செல் வாங்கப்போகிறானாம். அதன் மட்டம் நடுவில் கிட்டத்தட்ட அசையவே அசையாது, அட்டவணை உதவாது. உள்ளே போனது எவ்வளவு, வெளியே வந்தது எவ்வளவு என்று மின்னோட்டத்தை எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். "அப்ப வரவு செலவு எழுதி இருப்பு கட்டணும்" என்றான். குறிப்பில் 'மின்னழுத்த விழுக்காடு' என்பதை அவனே அடித்துவிட்டிருந்தான்.