பி.எஃப். பணத்துக்கு வரி பிடித்த பிறகு நோட்டீஸும் வந்தால்

ஐந்து ஆண்டு சேவை முடியுமுன் பி.எஃப். பணம் முழுவதையும் எடுத்தால், தொகை 50,000 ரூபாயைத் தொட்டுவிட்டால், 10 சதவீதம் வரி பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். பான் இல்லையென்றால் 20 சதவீதம். விதி அவ்வளவுதான். சிக்கல் எல்லாம் அந்த ஐந்து ஆண்டை எப்படி எண்ணுகிறார்கள் என்பதில் இருக்கிறது.

எனக்குத் தெரிந்த ஒரு பெண் முதல் கம்பெனியில் 2018 ஜூன் முதல் 2021 ஜூலை வரை இருந்தார். அடுத்ததில் 2021 செப்டம்பர் முதல் 2023 டிசம்பர் வரை. பழைய இருப்பை 2022-லேயே புதிய கணக்குக்கு மாற்றிவிட்டார். அப்படி மாற்றினால் பழைய சேவையும் சேரும். ஆக அவருக்கு ஐந்து ஆண்டு ஆறு மாதம். ஆனாலும் அவர் எடுத்த 3,20,000 ரூபாயில் 32,000 பிடித்துவிட்டார்கள். கேட்டதற்கு, பழைய கம்பெனியைப் பாருங்கள் என்றது பி.எஃப். அலுவலகம். பி.எஃப். அலுவலகத்தைப் பாருங்கள் என்றது கம்பெனி. தொகைக்கு வரி கிடையாது என்று ரிட்டர்னில் அவர் காட்டியதும் வருமான வரித் துறையிலிருந்து நோட்டீஸ். அவருடைய வரிப்பிடித்தப் பட்டியலான 26AS-ல் 192A என்ற பிரிவின்கீழ் இருக்கும் தொகை சம்பள வருமானத்தில் ஏன் இல்லை என்று கேட்டிருந்தது.

இந்த இடத்தில் பயந்துபோய் Agree அழுத்துகிறவர்கள்தான் அதிகம். அழுத்தினால் முழுத் தொகையும் வருமானமாகிவிடும். அவர் வருமான வரி இணையதளத்தின் e-Proceedings பக்கத்தில் Disagree கொடுத்தார். "ஐந்து ஆண்டு வேலை பார்த்தேன்" என்று ஒரு வரி எழுதினால் போதாது. ஒவ்வொரு கம்பெனிக்கும் சேர்ந்த தேதி, விலகிய தேதி, பி.எஃப். உறுப்பினர் எண், இருப்பு மாற்றிய மாதம் என ஒரு பக்கத்தில் வரிசையாக எழுதினார். அதோடு Annexure K, இரண்டு பாஸ்புக், இரண்டு ரிலீவிங் லெட்டர் இணைத்தார். இவற்றில் முக்கியமானது Annexure K. பழைய கணக்கின் சேவைத் தேதிகளும் மாறிய தொகையும் அதில்தான் இருக்கும். ரிட்டர்னைச் சரிபார்க்கும்போது வரும் இந்த நோட்டீஸுக்கு 30 நாளுக்குள் பதில் போக வேண்டும். அதனால் ஆவணங்களை முதல் நாளே தேடத் தொடங்குங்கள்.

பதில் அனுப்புமுன் பி.எஃப். போர்ட்டலில் Service History-ஐத் திறந்து பாருங்கள். பழைய கம்பெனி விலகிய தேதியைத் தப்பாகப் போட்டிருந்தால், உங்கள் கடிதமும் அதுவும் முட்டிக்கொள்ளும். ரிலீவிங் லெட்டரைக் காட்டி, எது சரி என்று கடிதத்திலேயே சொல்லிவிடுங்கள்.

பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. இரண்டு வேலைக்கும் ஒரே UAN என்பதால் சேவை தானாகச் சேர்ந்துவிடாது. இருப்பு மாறியிருக்க வேண்டும். முதல் கம்பெனிப் பணத்தை அப்போதே எடுத்துச் செலவழித்திருந்தால், அந்த மூன்று ஆண்டு இந்தக் கணக்கில் வராது. அப்படியென்றால் Disagree வாதம் நிற்காது. அப்போதும் முழுத் தொகையையும் வருமானமாகக் காட்ட வேண்டியதில்லை. கம்பெனி போட்ட பங்கும் வட்டியும்தான் வருமானம். உங்கள் சம்பளத்திலிருந்து போன பங்குக்கு முன்பு 80C-யில் கழிவு வாங்கியிருந்தால் மட்டும், அந்தக் கழிவு திரும்பப் போகும்.