புகை அறைக்கு எத்தனை செடி வேண்டும்?

மார்கழியில் கோத்தகிரிப் பக்கம் உறைபனி இறங்கினால் ஜன்னலைத் திறக்க யாருக்கும் மனம் வராது. பக்கத்து வீட்டு அக்கா கதவடைத்து, இரும்புச் சட்டியில் கரி போட்டுக் குளிர் காய்வார். "புகையை இழுக்கும்னு நர்சரியில சொன்னாங்க தம்பி" என்று மணி பிளான்ட் தொட்டிகள் பத்தையும் அந்த அறையில் வைத்திருந்தார்.

அந்த நம்பிக்கை வந்த வழி தெரிந்ததுதான். 1989-இல் வெளியான நாசா ஆய்வில், காற்றுப் புகாத சிறு பெட்டிக்குள் செடியை வைத்தபோது பென்சீன் போன்ற வாயுக்கள் குறைந்தன. இலையோடு, வேர் மண்ணிலிருந்த நுண்ணுயிரிகளுக்கும் அதில் பங்கு உண்டு. ஆனால் வீடு மூடிய பெட்டி அல்ல. இத்தகைய சோதனைகளை 2019-இல் டிரெக்சல் பல்கலைக்கழகத்தின் கம்மிங்ஸ், வேரிங் இருவரும் ஒன்றுசேர்த்துக் கணக்கிட்டார்கள். ஒரு செடி மணிக்குச் சுத்தம் செய்வது சுமார் 23 லிட்டர் காற்றுதான்.

அக்காவின் அறை 10க்கு 12 அடி, உயரம் 9 அடி. அதில் ஏறத்தாழ 30,000 லிட்டர் காற்று இருக்கிறது. மணிக்கு ஒருமுறை அத்தனையையும் சுத்தமாக்க 1,300 செடிகள் வேண்டும். சதுர அடிக்குப் பதினொன்று! நிற்கக்கூட இடம் இருக்காது.

இதுவும் வாயுக்களுக்கான கணக்குதான். புகை பெரும்பாலும் மிக நுண்ணிய துகள்கள். இலை அவற்றை இழுப்பதில்லை. தற்செயலாக வந்து தொடும் துகள் ஒட்டிக்கொள்கிறது, அவ்வளவே. ஒரு தொட்டியில் உள்ளங்கை அளவில் 30 இலைகள் என்றால், இரு பக்கமும் சேர்த்து 6 சதுர அடி வரும். பத்துத் தொட்டிக்கு 60. அந்த அறையின் சுவர், கூரை, தரை மொத்தம் 636 சதுர அடி! துகள் ஒட்ட இலையைவிடப் பத்து மடங்கு இடம் ஏற்கெனவே இருக்கிறது. விறகடுப்பு எரியும் சமையலறைச் சுவர் கரி பிடித்துக் கறுத்திருந்தும் கண் எரிச்சல் குறைவதில்லையே, அதே காரணம்தான். இலையைத் துடைத்த துணி கறுப்பது பல நாள் படிவு. அதை வைத்துக் காற்று சுத்தமாகிவிட்டது என்று எண்ணக் கூடாது.

எனக்குப் பெரிய பயம் வேறு. கரி கனலும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, மணமில்லை. புகையே தெரியாமல் கனலும் கரியிலிருந்தும் அது வரும். தலைவலி, குமட்டல், மயக்கம் என்று முற்றி, தூக்கத்திலேயே உயிர் போகும். எந்தத் தொட்டிச் செடியும் அதைத் தடுக்காது. துகளைப் பிடிக்கும் வடிகட்டி வைத்த மின் கருவி புகையைக் குறைக்கும்; இந்த வாயுவை அதுவும் விட்டுவிடும்.

கணக்கைச் சொன்னதும் அக்கா கரிச்சட்டியைத் தாழ்வாரத்துக்கு மாற்றிவிட்டார். இப்போது இரவில் இரண்டு கம்பளி. மணி பிளான்ட் ஜன்னலோரம் நன்றாகப் படர்கிறது.