ஸ்கானர் சேர்த்த ஒரு A

"அண்ணை, காலமை வரைக்கும் ஒழுங்கா வேலை செய்தது. இப்ப எந்தச் சாமானைக் காட்டினாலும் இல்லையெண்டு சொல்லுது." கிளிநொச்சியில் ஏ9 வீதியோரக் கடையொன்றில் பில் போடும் தங்கச்சி இப்படித்தான் சொன்னா. பிஸ்கட் பக்கெட்டைக் காட்டினால் ஸ்கானர் 'பீப்' என்கிறது. ஆனால் திரையில் சாமான் வரவில்லை.

அந்த பீப் முக்கியமானது. பக்கெட்டில் 4791234567891 என்று இருப்பதாக வைப்போம். 479 இலங்கையில் வழங்கப்படும் எண்களின் தொடக்கம். கடைசி 1 ஒரு சோதனை இலக்கம். முதல் 12 இலக்கங்களில் இரட்டை இடங்களில் இருப்பவற்றைக் கூட்டி 3ஆல் பெருக்கினால் 96. ஒற்றை இடங்களில் இருப்பவற்றின் கூட்டுத்தொகை 33. மொத்தம் 129, அடுத்த பத்தின் மடங்கான 130 ஆக இன்னும் 1 வேண்டும். இந்தக் கணக்கு சரிவந்தால்தான் ஸ்கானர் பீப் அடிக்கும். ஓர் இலக்கத்தைப் பிழையாக வாசித்திருந்தாலும் கணக்கு ஒத்துவராது. ஆகவே கோடுகளைச் சரியாகத்தான் வாசித்திருக்கிறது. பிழை அதற்குப் பிறகு நடக்கிறது.

கணினிக்கு ஸ்கானரும் ஒரு விசைப்பலகைதான். எண்ணை யாரோ வேகமாகத் தட்டியதுபோல் அனுப்பி, முடிவில் என்ரரும் தட்டும். கண்மூடித் திறப்பதற்குள் பில் திரையில் எண் விழும் பெட்டி வெறுமையாகிவிடுவதால் என்ன விழுந்தது என்று தெரியாது. நோட்பாட்டைத் திறந்து அதே பக்கெட்டைக் காட்டினோம்:

```
A4791234567891
```

முன்னால் ஒரு A. இது பழுது இல்லை. எந்த வகைப் பார்கோட்டை வாசித்தேன் என்று சொல்ல, சில ஸ்கானர்கள் முன்னால் ஓர் எழுத்துச் சேர்க்கும். வேறு சிலவற்றில் அது `]E0` என்று வரும். பில் மென்பொருளோ எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுத் தேடும். 13 இலக்கமாகப் பதிந்த எண்ணும் A-யோடு 14 எழுத்தாக வந்ததும் அதற்கு வேறு வேறு சாமான்கள்.

அந்த வசதியை யாரும் வேண்டுமென்று போடவில்லை. ஸ்கானரின் கையேட்டில் அதன் அமைப்பை மாற்றும் பார்கோட்டுகள் பக்கம் பக்கமாக இருக்கும். கையேடு மேசையில் விரித்தபடி கிடந்தது, ஸ்கானர் தாங்கியில் நின்று தானாகவே வாசித்துக்கொண்டிருந்தது. அதன் முன்னால் ஒரு பக்கம் போயிருக்கிறது, அவ்வளவுதான்.

அதே கையேட்டில் இந்த அடையாள எழுத்தை நிறுத்தும் பார்கோட்டைக் காட்டினோம், A போய்விட்டது. சிலர் அவசரத்தில் 'தொழிற்சாலை அமைப்பு' பார்கோட்டைக் காட்டிவிடுவார்கள். பல ஸ்கானர்களில் அப்போது A-யோடு என்ரரும் போய்விடும். அப்புறம் ஒவ்வொரு சாமானுக்கும் கையால் தட்டவேண்டி வரும். அப்படியானால் என்ரரைச் சேர்க்கும் பார்கோட்டையும் அடுத்துக் காட்ட வேண்டும்.

எங்களுக்கு நேரம் எடுத்தது வேறு வேலை. சாமான் இல்லை என்று வந்ததும் தங்கச்சி பதினொரு சாமான்களைப் புதிதாகப் பதிந்திருந்தா, எல்லாம் A-யோடு. பிஸ்கட் இரண்டு இடத்தில் நின்றது. பழைய பதிவில் இருப்பு குறையவே இல்லை. அந்தப் பதினொன்றிலும் விற்றதைப் பழைய எண்களுக்கு மாற்றி, புதிய பதிவுகளை அழித்து முடிக்கக் கடை பூட்டும் நேரமாகிவிட்டது.