நண்பகலில் மறையும் கோடு

கேரளத்தின் கொழிஞ்சாம்பாறையில் வசித்துக்கொண்டு, எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு காற்றாலைக் கண்காணிப்பு அறையில் பணிபுரியும் வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "கறுப்புப் பின்னணி கொண்ட டேஷ்போர்டில், கியர் பாக்ஸ் எண்ணெயின் வெப்பநிலை வரம்பைக் காட்டும் சாம்பல் நிறக் கோடு இரவுப் பணியில் தெரிகிறது, பகல் பணியில் தெரிவதில்லை. கண் பரிசோதனையில் குறை ஒன்றும் இல்லை என்றார்கள். மென்பொருளைச் செய்து கொடுத்தவர்களோ அந்த நிறம் தரப்படி தேர்ச்சி பெற்றது என்கிறார்கள். யார் சொல்வது சரி?" அவர் அனுப்பிய திரையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்த பிறகு, இருவர் சொல்வதும் சரிதான் என்று எழுத வேண்டியிருக்கிறது.

அவர்கள் குறிப்பிடும் தரம், WCAG என்னும் வலை அணுகல் வழிகாட்டி. எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான மாறுபாட்டை அது கீழ்க்கண்ட விகிதத்தால் அளக்கிறது.

```
(L1 + 0.05) / (L2 + 0.05)
```

L1 என்பது இரண்டு நிறங்களில் கூடுதலாக ஒளிரும் நிறத்தின் ஒளிர்வு, L2 என்பது மற்றதன் ஒளிர்வு. இரண்டும் 0 முதல் 1 வரையிலான எண்கள். சாதாரண எழுத்துக்கு இவ்விகிதம் குறைந்தது 4.5 இருக்க வேண்டும் என்றும், பொருளுணர்த்தும் வரைபடக் கூறுகளுக்கு 3 போதும் என்றும் வழிகாட்டி கூறுகிறது. வரைபடங்களுக்கான இந்த விதி 2018-இல் வெளியான 2.1 பதிப்பில் சேர்க்கப்பட்டது. நம் வாசகரின் திரையில் பின்னணி #1E1E1E, கோட்டுக்குக் குறித்த நிறம் #8C8C8C. கணக்கிட்டால் விகிதம் ஏறத்தாழ 5 வருகிறது. ஆகவே தாளில் கோடு தேர்ச்சி பெற்றுவிட்டது. ஆனால் அந்த நிறம் திரையில் எந்த இடத்திலும் இல்லை. கோடு இருக்க வேண்டிய இடத்தில் #555555 என்னும் மங்கலான நிறத்தில் இரண்டு பிக்சல் வரிசைகள் இருக்கின்றன. அவற்றுக்கும் பின்னணிக்கும் உள்ள விகிதம் 2.2 மட்டுமே.

ஒரு பிக்சல் அகலக் கோட்டை y = 120 என்னும் முழு எண்ணில் வரையச் சொன்னால், உலாவியின் கணக்கில் 120 என்பது ஒரு பிக்சலின் நடுப்பகுதி அன்று, இரண்டு பிக்சல் வரிசைகளுக்கு இடையிலுள்ள எல்லை. கோடு அந்த எல்லைக்கு மேலே அரைப் பிக்சலும் கீழே அரைப் பிக்சலுமாகப் படுத்துக்கொள்கிறது. ஒரு பிக்சலுக்குள் பாதியை மட்டும் ஒளிரச் செய்ய முடியாது என்பதால், இரண்டு வரிசைகளுக்கும் கோட்டின் நிறத்தையும் பின்னணியின் நிறத்தையும் சமமாகக் கலந்த ஒரு நிறம் தரப்படுகிறது. 8C, 1E ஆகியவற்றின் பதின்ம மதிப்புகளான 140-க்கும் 30-க்கும் சராசரி 85; பதினாறடிமானத்தில் அதுவே 55.

மொத்த ஒளி குறையவில்லையே, இரண்டு வரிசைகளுக்கும் பங்கிட்டுத்தானே கொடுத்திருக்கிறோம் என்று இங்கே தோன்றும். எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான், ஏனெனில் ஒளி உண்மையிலேயே குறைந்துவிடுகிறது. 0 முதல் 255 வரையிலான நிற எண்கள் ஒளியின் அளவுக்கு நேர்விகிதத்தில் இல்லை. நம் கண் இருட்டில் சிறு வேறுபாட்டையும் உணரும், வெளிச்சத்தில் பெரிய வேறுபாட்டையும் கவனிக்காமல் விட்டுவிடும்; ஆகவே எண்களில் பெரும்பங்கை மங்கலான நிறங்களுக்கு ஒதுக்கி, எஞ்சியதை ஒளிமிக்க நிறங்களுக்கு வைத்திருக்கிறார்கள். அதன் விளைவாக, நடுவில் உள்ள 128 என்னும் எண் வெண்மையின் பாதி ஒளியைத் தருவதில்லை, சுமார் 22 சதவீதத்தையே தருகிறது. எண்களைச் சராசரி எடுப்பது ஒளியைச் சராசரி எடுப்பதாகாது. அது எப்போதும் இருட்டின் பக்கமே சாய்கிறது. நம் கோட்டில் இரண்டு வரிசைகளும் பின்னணிக்கு மேல் தரும் ஒளியைக் கூட்டினாலும், முழு வரிசை ஒன்று தந்திருக்கக்கூடிய ஒளியில் ஏறக்குறைய 62 சதவீதம்தான் தேறுகிறது.

இந்தச் சாய்வு வெள்ளைப் பின்னணியில் நமக்கு உதவி செய்வதால்தான் இத்தனை காலம் எவர் கண்ணிலும் படவில்லை. வெள்ளையின் மேல் கறுப்புக் கோடு பாதி மூடிய பிக்சல், 50 சதவீதம் ஒளிர வேண்டியது 22 சதவீதமே ஒளிர்வதால், கோடு சற்றுத் தடித்துத் தெரியும். அதே கணக்கு கறுப்பின் மேல் வெள்ளைக் கோட்டை மெலியச் செய்கிறது. எழுத்துருக்களுக்கு மட்டும் சில இயங்குதளங்கள் இதைத் திருத்திக் கொடுக்கின்றன. உலாவியில் வரையும் வரைபடக் கோடுகளுக்கு அந்தச் சலுகை பொதுவாகக் கிடைப்பதில்லை. ஆகவே, வெள்ளைப் பின்னணியில் சரிபார்த்த வரைபடத்தின் நிறங்களை மட்டும் தலைகீழாக்கி "இரவு வடிவம்" என்று விற்பவர்கள், தாம் மாற்றாததாக நினைத்திருக்கும் கோட்டின் தடிமனையும் சேர்த்தே மாற்றுகிறார்கள்.

நண்பகலில் ஏன் மறைகிறது என்பதற்கான விடை, மேலே கண்ட சூத்திரத்திலுள்ள 0.05-இல் இருக்கிறது. திரையின் மேல் விழுந்து சிதறும் அறை வெளிச்சத்துக்காக ஒதுக்கிய தொகை அது. பகலில் திறந்த கதவருகே திரையின் மேல் 2000 லக்ஸ் வெளிச்சம் விழுகிறது என்றும், அதில் 5 சதவீதத்தைத் திரை சிதறடிக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். சிதறும் ஒளி எல்லாப் பக்கமும் பரவுவதால் அந்த 100-ஐ π-ஆல் வகுக்க வேண்டும்; கோடு, பின்னணி என்ற பேதம் இல்லாமல் திரை முழுவதும் சுமார் 32 நிட் ஒளிர்வு ஏறிவிடும். திரையின் வெண்மை 200 நிட் என்றால், 0.05 இருந்த இடத்தில் 0.16 வந்து உட்கார்கிறது. 2.2 ஆக இருந்த விகிதம் 1.45 ஆகிவிடுகிறது. இரவுப் பணியாளர் கண் கூசுகிறது என்று வெண்மையை 80 நிட்டுக்குக் குறைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் அது 1.2-க்கு இறங்கிவிடும், அந்நிலையில் கோட்டைத் தேடிக் கண்ணைக் குறை சொல்வதில் பொருளில்லை. வரம்புக் கோடு இருக்குமிடம் தெரியாதவருக்கு, ஏறிக்கொண்டிருக்கும் வெப்பநிலை சாதாரண ஏற்றமாகவே தோன்றும்.

வாசகர் தம் திரையிலேயே இதைச் சோதிக்கலாம். திரையைப் படமெடுத்து, எட்டு மடங்கு பெரிதாக்கி, நிறம் எடுக்கும் கருவியைக் கோட்டின் மேல் வைத்தால், குறித்த நிறமே வர வேண்டும். வேறு நிறம் வந்து, கோடும் இரண்டு வரிசையாக இருந்தால், நோய் இதுதான். கிடைக்கோட்டை அரைப் பிக்சல் தள்ளி வரைந்தால் அது ஒரே வரிசையில் முழுமையாகப் பொருந்தும்.

```
ctx.beginPath();
ctx.lineWidth = 1;
ctx.moveTo(0, 120.5);
ctx.lineTo(800, 120.5);
ctx.stroke();
```

ஆனால் விண்டோஸில் திரை அளவை 125 சதவீதமாக வைத்திருப்போருக்கு இந்த வைத்தியம் பலிக்காது. அங்கே ஒரு பிக்சல் என்பது ஒன்றேகால் பிக்சலாகிவிடுவதால் கோட்டின் விளிம்பு மறுபடியும் ஒரு பிக்சலின் இடையில் போய் நிற்கும். கோட்டை இரண்டு பிக்சல் அகலமாக்குவதே நம்பகமான வழி. இரண்டு பிக்சல் கிடைக்கோடு எங்கே விழுந்தாலும், குறைந்தது ஒரு வரிசையாவது முழு நிறத்துடன் ஒளிரும். அதோடு நிறத்தையும் #B4B4B4 என்று உயர்த்தினால், மேற்சொன்ன 32 நிட் வெளிச்சத்திலும் முழு வரிசையின் விகிதம் 3.5-க்கு மேல் நிற்கிறது.

அதே டேஷ்போர்டில் அச்சுகளின் ஓரத்திலுள்ள எழுத்துகள் #6E6E6E நிறத்தில் இருக்கின்றன. அவை தாளிலேயே 3.3 மட்டும் பெற்றுத் தோற்றுவிட்டன. மெல்லிய எழுத்துருவில், அதிலும் ணகரம், ஞகரம் போன்ற சுழிகள் நெருங்கும் தமிழ் எழுத்துகளில், மேலே சொன்ன மெலிவும் சேர்ந்துகொள்கிறது. 4.5 என்னும் வரம்பு, பழைய ISO தரம் ஒன்றின் 3 என்ற அளவை, 6/12 பார்வை உடையோருக்கு ஏற்படும் இழப்புக்காக ஒன்றரையால் பெருக்கிப் பெற்றது. எழுத்தின் வடிவமோ கோட்டின் அகலமோ அந்தப் பெருக்கலில் இல்லை. சுழியெழுத்துகளுக்கு எவ்வளவு வேண்டும் என்பதை நம் பல்கலைக்கழகம் ஒன்று ஒரு திரையும் ஒளிர்வுமானியும் வைத்துக்கொண்டு அளந்துவிடலாம். அதற்கு ஆகும் செலவு, கணினித்தமிழ் மாநாடு ஒன்றின் பந்தல் செலவைத் தாண்டாது என்பது என் கருத்து. அதுவரை தமிழ் எழுத்துக்கு நான் பரிந்துரைப்பது, கறுப்புப் பின்னணியில் #B4B4B4-க்குக் குறையாத நிறமும், மெல்லிய வகையல்லாத சாதாரண எடையுள்ள எழுத்துருவும்.