'மணி' என்று பெயர் வைத்த ஸ்பீக்கர்

வீடுகளில் விளக்கு, மின்விசிறி, மோட்டார் எல்லாவற்றையும் குரலால் இயக்க ஏற்பாடு செய்து தருவது என் தொழில். திருநெல்வேலிப் பக்கம் ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார் ஒருவர் வீட்டில் இந்த வேலை செய்தேன். வீட்டுப் பேச்சு இன்டர்நெட் வழியாக எங்கும் போகக்கூடாது என்பதில் சார் பிடிவாதமாக இருந்தார். அதனால் ஹோம் அசிஸ்டன்ட் மென்பொருளை வீட்டிலேயே ஒரு சின்னக் கம்ப்யூட்டரில் ஓடவிட்டு, ஒரு மைக்கும் ஸ்பீக்கரும் வைத்தோம். இந்த முறையில் ஒரு வசதி உண்டு. ஸ்பீக்கரை எழுப்பும் பெயரை நாமே வைத்துக்கொள்ளலாம்.

"'மணி'ன்னு வைங்க. கூப்பிட வாய்க்குச் சுலபமா இருக்கும்" என்றார் சார். வைத்தேன். அந்தத் தப்பு என்னுடையதுதான்.

நான்காம் நாள் மேல்தொட்டி நிரம்பி மாடிப்படி வழியாகத் தண்ணீர் வந்தது. நடந்தது இவ்வளவுதான். ஆச்சி பேரனிடம், "ஏலே, அஞ்சு மணிக்கு மோட்டார் போடு" என்று சொல்லியிருக்கிறார். ஸ்பீக்கருக்கு 'மணி' கேட்டதும் விழித்துவிட்டது. விழிக்கிற அந்த நொடிக்குள் 'க்கு' போய்விட, மிச்சம் காதில் விழுந்தது "மோட்டார் போடு". நான் எழுதிவைத்திருந்த கட்டளையும் எழுத்துக்கு எழுத்து அதேதான். மோட்டார் மூன்றரை மணிக்கே ஓட ஆரம்பித்துவிட்டது.

பெயரைக் கேட்கும் பகுதி எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இது ஏன் நடந்தது என்பது விளங்கும். ஸ்பீக்கர் எந்நேரமும் நம் பேச்சைப் புரிந்துகொண்டிருப்பதில்லை. உள்ளே இருக்கும் ஒரு சின்ன மாடல், கடைசி ஓரிரு நொடி ஒலியை மட்டும் பார்த்து, 'இது என் பெயர் போல இருக்கிறதா' என்று 0-க்கும் 1-க்கும் நடுவில் ஒரு மதிப்பெண் போட்டுக்கொண்டே இருக்கிறது. மதிப்பெண் நாம் வைத்த வரம்பைத் தாண்டினால் விழிக்கும். அதற்கு அர்த்தமோ வாக்கியமோ தெரியாது. 'ஆறு மணி', 'கண்மணி', 'அம்மணி', டிவியில் 'காலை 10 மணிச் செய்திகள்' எல்லாம் அதற்கு ஒன்றேதான்.

நானும் முதலில் வரம்பைத்தான் ஏற்றிப் பார்த்தேன்.

```yaml
micro_wake_word:
  models:
    - model: mani.json
      probability_cutoff: 0.97
```

'பணி', 'தண்ணி' போன்ற சொற்களுக்கு விழிப்பது குறைந்தது. ஆனால் ஆச்சி 'மணி என்னாச்சு' என்று கேட்கும்போது அவர் வாயிலிருந்து வருவது அதே 'மணி'. அதற்கு மதிப்பெண் முழுசாகத்தான் விழும். வரம்பை இன்னும் ஏற்றினால் சார் நிஜமாகக் கூப்பிடும்போது எழாது. ஒலி கொஞ்சம் ஒத்துப்போகிற சொற்களை விலக்கத்தான் வரம்பு உதவும். வீட்டில் புழங்கும் சொல்லையே பெயராக வைத்துவிட்டால் அதனால் பயனில்லை.

ஒரு சாயங்காலம் 6-லிருந்து 10 வரை ஹோம் அசிஸ்டன்டின் வரலாற்றுப் பக்கத்தைப் பார்த்து, ஸ்பீக்கர் எத்தனை முறை விழித்தது என்று எண்ணினேன். 11 முறை. யாரும் அதைக் கூப்பிடவே இல்லை.

புதுப் பெயர் தேடி எல்லோரும் உட்கார்ந்தோம். சார் 'முருகா' என்றார். நாற்காலியில் உட்காரும்போதும் எழும்போதும் அவர் வாயில் வருவதே அந்தப் பெயர்தான் என்று ஆச்சி சிரித்தார். 'கண்ணம்மா' என்றால் பேத்தி திரும்பிப் பார்ப்பாள். பேரன் 'கும்பகர்ணா' என்றான். ஒலியாகப் பார்த்தால் அருமையான பெயர். நீளமானது, மெய்யெழுத்துகள் நன்றாக மோதிக்கொள்கின்றன, வேறெந்தச் சொல்லோடும் ஒட்டாது. ஆனால் காலையில் பேரனை எழுப்ப ஆச்சி தினமும் சொல்வதே அதுதானாம்!

கடைசியில் 'ஏய் கரிகாலா' என்று வைத்தோம். சரித்திர வாத்தியார் வீட்டுக்குப் பொருத்தம் என்பது ஒரு பக்கம். நான் பார்த்தது வேறு. இரண்டு அசைப் பெயரைவிட ஐந்து அசைத் தொடர் தற்செயலாக வாயில் வருவது அரிது. அகர ஆகாரம், இகரம் என்று உயிரொலி மாறி மாறி வருகிறது. 'ழ' இல்லை. மாடலைப் பயிற்றுவிக்கும்போது கம்ப்யூட்டரே பல குரல்களில் அந்தப் பெயரை ஆயிரக்கணக்கான தடவை சொல்லிப் பழக்குகிறது. நான் பயன்படுத்தியது ஆங்கிலக் குரல்கள். அவை 'ழ'வைச் சிதைத்துவிடும். அதைக் கேட்டுப் பழகிய மாடல் நம்மூர் உச்சரிப்புக்கு எழாது.

சரி, கடையில் வாங்கிய ஸ்பீக்கரில் இவ்வளவு சுதந்திரம் கிடையாது. எக்கோ ஸ்பீக்கர் என்றால் அலெக்ஸா, அமேசான், எக்கோ, கம்ப்யூட்டர், ஜிக்கி என்று ஒரு சின்னப் பட்டியல்தான். கருவியையும் மொழியையும் பொறுத்து அதிலும் சில வராது. இருப்பதற்குள் தேர்ந்தெடுக்க, உங்கள் வீட்டுப் பேச்சைத்தான் கவனிக்க வேண்டும்.

வீட்டிலோ பக்கத்திலோ அலெக்ஸ் என்று யாராவது இருந்தால் 'அலெக்ஸா' வேண்டாம். தமிழில் கேள்வி கேட்க ஒரு 'ஆ' போதுமே. "யாரு வந்தது, அலெக்ஸா?" என்று கேட்டாலே அது கூப்பிட்டதாகிவிடும். இதய நோயாளி இருக்கும் வீட்டில் 'எக்கோ எப்ப எடுக்கணும்' என்பது அன்றாடப் பேச்சு. பிளஸ் டூ படிக்கும் பிள்ளை இருந்தால் கம்ப்யூட்டர் பாடம் தினமும் வாயில் வரும். பார்சல் வரும் வீட்டில் 'அமேசான்' பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜிக்கி தமிழ்ப் பேச்சில் அதிகம் புழங்காத ஒலி. ஆனால் ஆங்கிலத்தில் அதன் முதலெழுத்து Z. பெரியவர்கள் பழைய பாடகி ஜிக்கியின் பெயரைப் போலச் சொல்வார்கள், சில சமயம் அதற்கு எழாது. வீட்டில் எல்லோரையும் ஆளுக்கு 10 தடவை கூப்பிடச் சொல்லிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

ஆப்பிள் கருவிகளில் 2023-லிருந்து 'ஹே' இல்லாமல் 'சிரி' என்று மட்டும் கூப்பிடும் வசதி வந்திருக்கிறது. போனில் 'சரி, சரி' என்று பேசும் தமிழர்களுக்கு நான் 'ஹே சிரி'யையே விட்டுவைக்கச் சொல்வேன். முன்னால் ஒரு சொல் இருந்தால், பின்னால் வருவது ஒத்த ஒலியாக இருந்தாலும் தவறாக விழித்துக்கொள்ள வாய்ப்புக் குறைவு.

எக்கோவில் பெயரை மாற்ற, அலெக்ஸா ஆப்பில் அந்த ஸ்பீக்கரின் அமைப்புகளுக்குள் `Wake Word` இருக்கும். அதே ஆப்பில் `Alexa Privacy` பகுதியில் `Review Voice History` என்று ஒன்று உண்டு. ஸ்பீக்கர் விழித்துப் பதிந்தவை அங்கே வரிசையாக இருக்கும். ஒரு வாரப் பதிவுகளைப் போட்டுக் கேளுங்கள். நீங்கள் கூப்பிடாமல் விழுந்தவற்றில், எந்தச் சொல்லுக்கு விழித்தது என்று உங்கள் காதுக்கே தெரிந்துவிடும். ஒரே சொல் திரும்பத் திரும்ப வந்தால் பெயரை மாற்ற வேண்டியதுதான்.

சார் வீட்டில் பெயர் மாற்றிய முதல் வாரம் 'கரிகாலா' இரண்டு முறை தானாக விழித்தது. இரண்டும் டிவியில் சோழர் கதை ஓடியபோது. ஸ்பீக்கரை டிவிக்குப் பக்கத்திலிருந்து சாப்பாட்டு அறைக்கு மாற்றினேன். மோட்டார் கட்டளையை மட்டும் அப்படியே விடவில்லை. இப்போது "மோட்டார் போடு" என்றால், "போடட்டுமா?" என்று திருப்பிக் கேட்கும். 'ஆமா' என்று பதில் வந்தால்தான் ஓடும்.