நாலு மணி வெயிலுக்கு எவ்வளவு தரலாம்?

வேலந்தாவளத்திலிருந்து கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு தோட்டத்துக்குப் போன ஆடி மாதம் பசுமையாக நினைவிருக்கிறது. தோட்டத்துப் பெரியவர் தென்னை காய்ந்துபோன நாலு ஏக்கரில் ஒரு மெகாவாட் சோலார் நிலையம் போட முடிவெடுத்திருந்தார். வேலிக்கு அந்தப் பக்கம், சூரியனோடு சேர்ந்து திரும்பும் டிராக்கர் வரிசைகளுடன் ஒரு நிலையம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. மணி நாலு. மேகம் விலகி வெயில் அடித்தது. ஆனால் அந்த வரிசைகள் எல்லாம் பாய் விரித்ததுபோலப் படுத்துக்கிடந்தன.

"தம்பி, சூரியன் மேற்கே போய்விட்டது. இது ஏன் இன்னும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது? திரும்பும் என்றுதானே கூடுதலாகக் காசு கொடுத்தார்கள்?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் சொல்வதற்குள் டிராக்கரின் முழு வரலாற்றையும் தொட வேண்டியிருந்தது.

ஒற்றை அச்சு டிராக்கரில் வடக்கு தெற்காக ஒரு நீளமான இரும்புக் குழாய் தூண்களின்மேல் பேரிங்கில் கிடக்கும். அதன் முதுகில் 50, 60 பேனல்களைப் பொருத்தியிருப்பார்கள். நடுவில் ஒரு சிறிய மோட்டார். காலையில் கிழக்கே சாய்ந்து, நண்பகலில் படுத்து, மாலையில் மேற்கே சாயும். பெரும்பாலானவை இருபுறமும் 60 பாகை வரை போகும். வடக்கு தெற்காகச் சாய்வதில்லை. பாலக்காடு 11 பாகை அட்சரேகைக்குச் சற்றுக் கீழே இருப்பதால் ஆண்டின் பெரும்பகுதியில் சூரியன் உச்சிக்கு அருகிலேயே கடக்கிறது. ஆகவே கிழக்கு மேற்கு அசைவு ஒன்றே இங்கே போதும்.

ஆதாயம் எங்கிருந்து வருகிறது என்பது எளிய கணக்கு. சூரியன் உச்சிக்கு வந்து 4 மணி நேரம் ஆனால் 60 பாகை சாய்ந்திருக்கும். அப்போது படுத்துக்கிடக்கும் பேனலின்மேல் விழும் நேரடி வெயில், நேருக்கு நேர் நிற்கும் பேனலுக்குக் கிடைப்பதில் சரிபாதி. மூன்று மணி நேரத்தில் அது 71 சதவீதம். நாள் முழுவதும் கூட்டிப் பார்த்தால், காற்றே இல்லாத உலகில் டிராக்கருக்கு 57 சதவீதம் கூடுதலாகக் கிடைக்க வேண்டும். நிலத்தில் அவ்வளவு கிடைப்பதில்லை. காலை மாலை வெயில் தடித்த காற்றடுக்கைக் கடந்து மெலிந்து வருவது ஒரு காரணம். மேகத்தால் சிதறி, வானம் முழுவதிலிருந்தும் வரும் ஒளி இன்னொரு காரணம். அந்த ஒளிக்குத் திசை கிடையாது. 60 பாகை சாய்ந்த பேனல் வானத்தின் கால் பங்கைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கும். எனவே மூடிய வானத்தில் டிராக்கர் திரும்பினால் நட்டம்தான். நல்ல கட்டுப்பாட்டுக் கருவி அதைக் கண்டறிந்து பேனலைப் படுக்க வைத்துவிடும். வறண்ட, தெளிந்த வானமுள்ள இடங்களில் ஆண்டுக்கு 15 முதல் 20 சதவீதம் கூடுதல் கிடைப்பது வழக்கம். ஜூனிலும் ஜூலையிலும் மேகம் குடியிருக்கும் கணவாய் வாயில் நான் 12க்கு மேல் வைத்துக் கணக்குப் போடமாட்டேன்.

மூன்றாவது காரணம், பக்கத்து வரிசையின் நிழல். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஏனென்றால் அந்த வேலிக்கு அந்தப் பக்கத்து நிலையத்தில் நான் மூன்று நாள் தலையைப் பிய்த்துக்கொண்டது இதனால்தான்.

பேனலின் அகலம் 2.3 மீட்டர், வரிசைக்கு வரிசை இடைவெளி 4.6 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சூரியன் உச்சியிலிருந்து 60 பாகைக்குள் இருக்கும்வரை சிக்கலில்லை. அதற்கும் கீழே இருக்கும்போது, பேனல் நேருக்கு நேர் திரும்பினால் முன்வரிசை பின்வரிசையின் அடிவிளிம்பை மறைத்துவிடும். எனவே காலையில் டிராக்கர் சூரியனைப் பார்த்துத் திரும்பாமல், நிழல் விழாத அளவுக்கு மட்டும் சாய்ந்து நிற்கும். மார்ச் மாதம் காலை 7.30க்குச் சூரியன் 75 பாகையில் இருக்கிறது. அப்போது பேனல் சாய வேண்டியது வெறும் 16 பாகைதான். சூரியன் ஏற ஏறப் பேனல் கிழக்கே நிமிர்ந்து, 8.30 வாக்கில் 60 பாகையைத் தொட்டு, பிறகுதான் சூரியனோடு நடக்கத் தொடங்கும். பின்வாங்கி நடப்பது என்று இதைச் சொல்லலாம்.

அந்த நிலையத்தில் காலை உற்பத்தி வரைபடத்தில் ஒரு பள்ளம். மாலையில் இல்லை. நிறுவிய ஆட்கள் தூசி என்றார்கள், கிழக்கே நிற்கும் பனை என்றார்கள், இணைப்பான்களை மாற்றிப் பார்த்தார்கள். நான் ஒரு 30 சென்டிமீட்டர் எஃகு அளவுகோலைப் பேனல்மேல் செங்குத்தாக நிறுத்தினேன். டிராக்கர் சரியாக நிற்கிறதென்றால் அதன் நிழல் வடக்கு தெற்காக மட்டுமே விழ வேண்டும். பிற்பகல் 3 மணிக்கு நிழலின் நுனி 3 சென்டிமீட்டர் மேற்கே விலகியிருந்தது. அதாவது 6 பாகைக்குச் சற்றுக் குறைவான பிழை. மணிக்கு 15 பாகை என்றால் 23 நிமிடம். இந்தக் கணக்கு வந்ததும் சிரித்துவிட்டேன். இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்கானது. பாலக்காட்டுப் பக்கம் 76.8. சூரியன் இங்கே உச்சிக்கு வருவது சராசரியாக 12.23க்கு. கருவியில் இடத்தின் தீர்க்கரேகையைப் போட வேண்டிய இடத்தில் யாரோ 82.5ஐயே விட்டிருக்கிறார்கள்.

நேருக்கு நேர் நிற்பதில் 6 பாகை பிழையால் போவது அரை சதவீதம்தான். யாரும் கவனிக்கவே மாட்டார்கள். ஆனால் காலையில் கருவி சூரியனைவிட 23 நிமிடம் முந்தி ஓடியது. 7.30க்கு 16 பாகையில் நிற்க வேண்டிய பேனல் 24 பாகைக்கு நிமிர்ந்துவிட்டது. ஒவ்வொரு வரிசையின் அடியிலும் அகலத்தில் ஏறத்தாழ 18 சதவீதம் நிழல். நெடுக்காக வைத்த இன்றைய பேனலில் செல்கள் மேல்பாதி, கீழ்ப்பாதி என்று பிரிந்திருக்கும். கீழ்ப்பாதியில் ஒரு செல் வரிசை மறைந்தாலே அந்தப் பாதி முழுவதும் செத்துப்போகும். மாலையில் அதே பிழை பேனலைச் சீக்கிரமாகப் படுக்க வைத்தது. அதனால் நிழல் இல்லை, பள்ளமும் இல்லை. ஓர் எண்ணை மாற்றினோம், மறுநாள் பள்ளம் மறைந்தது.

இனி காற்று. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்று சொன்னவர் பாலக்காட்டுக் கணவாயில் குடியிருந்திருக்க வேண்டும். ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை மேற்கிலிருந்தும், மார்கழி, தைப் பனிக்காலத்தில் கிழக்கிலிருந்தும் அடிக்கிறது. டிராக்கர் வரிசையோ வடக்கு தெற்கு. ஆண்டின் இரண்டு பெரிய காற்றும் குழாயின்மேல் குறுக்காக மோதும். இதைவிட மோசமான திசை கிடையாது.

60 பேனல் கொண்ட வரிசையின் பரப்பு சுமார் 156 சதுர மீட்டர். மணிக்கு 54 கிலோமீட்டர் காற்று நேராக அடித்தால் ஏறத்தாழ 2 டன் அழுத்தம். வேகம் இரட்டித்தால் அழுத்தம் நான்கு மடங்கு. ஆனால் தள்ளும் விசையைவிட முறுக்கும் விசைதான் ஆபத்து. மோட்டார் நடுவில் பிடித்துக்கொண்டிருக்கிறது. 35 மீட்டர் தள்ளியிருக்கும் நுனி சுதந்திரமாக இருக்கிறது. குறிப்பிட்ட வேகத்தில் காற்றும் குழாயின் இயல்பான அசைவும் ஒத்துப்போனால், நுனி கொடியில் காயும் வேட்டிபோல அடித்துக்கொள்ளும். படுத்துக்கிடக்கும் நிலையிலும் இது நடக்கலாம் என்பதைத் துறையினர் பல வரிசைகள் உடைந்த பிறகுதான் முழுதாக உணர்ந்தார்கள். அறிகுறி வரிசையின் நுனியில் தெரியும். அங்கே மட்டும் பிடிப்பான்கள் தளர்ந்திருந்தாலோ கண்ணாடி கீறியிருந்தாலோ வேறு காரணத்தைத் தேடவே வேண்டாம்.

ஆகவே காற்று ஓர் எல்லையைத் தாண்டியதும் கருவி எல்லா வரிசைகளையும் பாதுகாப்பு நிலைக்குக் கொண்டுபோகும். மோட்டார் மெதுவானது, சில நிமிடங்கள் பிடிக்கும். அதனால் எல்லையைத் தாழ்வாகவே வைப்பார்கள். காற்று அடங்கிச் சிறிது நேரம் கழிந்த பின்தான் திரும்ப எழும். பெரியவர் பார்த்தது இதைத்தான். கணவாயில் காற்று வலுப்பது பெரும்பாலும் பிற்பகலில். டிராக்கர் தன் கூலியைச் சம்பாதிக்க வேண்டிய அதே நாலு மணிக்கு அது ஒளிந்துகொள்கிறது. புதிய முறையில் படுக்க வைக்காமல், காற்று வரும் திசைக்கு முகம் காட்டி 30 பாகையோ அதற்கு மேலோ சாய்த்து நிறுத்துகிறார்கள். மேற்குக் காற்றுக்கு மேற்கே சாய்வு என்றால் மாலை வெயிலும் ஓரளவு கிடைக்கும். பக்கத்து நிலையத்தின் கருவி பழையது.

"அப்படியென்றால் போடலாமா, வேண்டாமா? அதைச் சொல்லுங்கள் தம்பி."

தாளில் எழுதினேன். எல்லாம் ஊகத் தொகைதான், விலை கேட்டு மாற்றிக்கொள்ளலாம். அசையாத பேனல் ஒரு மெகாவாட்டுக்கு ஆண்டுக்கு 15 லட்சம் யூனிட். டிராக்கரால் 12 சதவீதம், அதாவது 1.8 லட்சம் யூனிட் கூடுதல். யூனிட்டுக்கு 3.50 ரூபாய் என்றால் 6.3 லட்சம். மோட்டார், பேரிங், கருவி, ஆள் பார்வை என்று ஆண்டுக்கு 1 லட்சம் கழித்தால் 5.3 லட்சம். டிராக்கருக்கான கூடுதல் முதலீடு 45 லட்சம் என்றால், போட்ட பணம் திரும்ப எட்டரை ஆண்டு.

"மோசமில்லையே, மாமா" என்று அவர் மருமகன் சொன்னார்.

இங்கேதான் பலர் தவறுகிறார்கள். டிராக்கரை அசையாத பேனலோடு ஒப்பிடுவது பாதிக் கணக்கு. அதே 45 லட்சத்துக்கு இன்னும் எத்தனை பேனல் போடலாம் என்று பார்க்க வேண்டும். இன்வெர்ட்டரும் மின்பாதையும் ஏற்கெனவே இருப்பதால், பேனலுக்கும் தாங்கிக்கும் மட்டும் மெகாவாட்டுக்கு இரண்டரைக் கோடி என்று வைத்தால் 180 கிலோவாட் வரும். உற்பத்தி 18 சதவீதம் கூடும். அசையும் உறுப்பு எதுவும் கிடையாது. பேனல் விலை விழ விழ டிராக்கருக்கு எதிரி வலுத்துக்கொண்டே போகிறான்.

ஆனால் இந்த எதிரிக்கும் இரண்டு பலவீனங்கள் உண்டு. முதலாவது, நிலம். இரண்டாவது, இன்வெர்ட்டரின் உச்சவரம்பு. பேனல் ஏற்கெனவே இன்வெர்ட்டரைவிட 1.4 மடங்கு இருந்தால், கூடுதல் பேனல் தருவது பெரும்பாலும் நண்பகலில். அதை இன்வெர்ட்டர் வெட்டி எறிந்துவிடும். டிராக்கரோ காலையிலும் மாலையிலும், இன்வெர்ட்டரில் இடம் காலியாக இருக்கும் நேரத்தில் நிரப்பும். மாலை 5 மணி யூனிட்டுக்குக் கூடுதல் விலை தருகிற ஒப்பந்தம் இருந்தாலும் அப்படித்தான். ஆனால் கேரளத்தின் இரவு உச்சத் தேவை சூரியன் மறைந்த பிறகு வருவது. அதற்கு டிராக்கரால் ஒன்றும் செய்ய முடியாது.

பெரியவருக்கு நாலு ஏக்கரும் இருந்தது, இன்வெர்ட்டரிலும் இடம் இருந்தது, ஒப்பந்தத்தில் நாள் முழுவதும் ஒரே விலை. தெற்கே 10 பாகை சாய்த்து அசையாமல் போட்டார்கள், 1.18 மெகாவாட். ஆந்திராவில், சித்தூருக்கு வடக்கே வறண்ட மேட்டில் நிலம் வைத்திருக்கும் அவருடைய சம்பந்தி அதே தாளை வாங்கிக்கொண்டு போனார். அங்கே நான் 12ஐ அடித்துவிட்டு 17 என்று எழுதிக் கொடுத்தேன். முதலில் மின்பாதைக்கு எவ்வளவு அனுமதி கிடைத்திருக்கிறது என்று கேட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.